எழுதத் தொடங்கியதுமே சொல்லை ஊகிக்கும் ட்ரை: எப்படி இயங்குகிறது, எவ்வளவு மெமரி தின்கிறது?

ஒரு தேடல் பெட்டியில் 'திரு' என்று அடித்ததும் கீழே திருச்சி, திருப்பதி, திருப்பூர் என்று பட்டியல் விரிகிறது. அடுத்து 'ப' சேர்த்தால் திருச்சி மறைந்துவிடுகிறது. ஒவ்வொரு விசைக்கும் இந்தப் பட்டியல் புதிதாகத் தயாராகிறது. அதன் பின்னால் இருக்கக்கூடிய தரவு அமைப்புகளில் ஒன்றுதான், சொற்களை எழுத்தெழுத்தாகக் கிளை பிரித்து வைக்கும் மரமான ட்ரை.

ட்ரையைப் பற்றிப் படிக்கும் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படுவது, 'பொதுவான முன்பகுதியை ஒரே ஒரு முறை சேமிப்பதால் மெமரி மிச்சம்' என்பது. இது பாதி உண்மைதான். எழுத்துகள் மிச்சமாவது சரி. ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தாங்கி நிற்கும் கணு எவ்வளவு இடம் எடுக்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்தால், அதே சொற்களை வைத்திருக்கும் ஹாஷ் டேபிளைவிட அறுபது மடங்கு பெரிதாகவும் ஆகலாம், முக்கால் பங்காகவும் குறையலாம். எதில் போய் முடியும் என்பதைத் தீர்மானிப்பது கணுவை எழுதும் விதம். ஐந்து ஊர்ப் பெயர்களை வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஹாஷ் டேபிளுக்கு முன்பகுதி ஏன் தெரியாது?

ஹாஷ் டேபிளில் 'திருச்சி' இருக்கிறதா என்று கேட்டால், அந்த முழுச் சொல்லையும் ஒரு எண்ணாக மாற்றி, அந்த எண் காட்டும் இடத்தைப் போய்ப் பார்க்கும். பதில் உடனே வந்துவிடும். ஆனால் 'திரு'வுக்கு வரும் எண்ணுக்கும் 'திருச்சி'க்கு வரும் எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. இருக்கவும் கூடாது, சொற்களை டேபிள் முழுக்கச் சிதறடிப்பதுதான் நல்ல ஹாஷ் செயல்பாட்டின் வேலையே. அதனால் 'திரு'வில் தொடங்குபவை எவை என்று கேட்டால், எல்லாச் சொற்களையும் வரிசையாகப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

அப்படிப் புரட்டுவதும் எப்போதும் மோசமில்லை. பைத்தானில் ஒரு லட்சம் சொற்களை `startswith` கொண்டு சோதிக்கப் பத்து மில்லி விநாடி அளவில்தான் ஆகும். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் போன் செயலிக்கு அது போதும். ஒரு சர்வரில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் தட்டச்சு செய்யும்போதுதான், ஒவ்வொரு விசைக்கும் முழுப் பட்டியலையும் புரட்டுவது கட்டுப்படியாகாமல் போகிறது.

ஐந்து பெயர்கள், ஒரு மரம்

திருச்சி, திருப்பதி, திருப்பூர், தென்காசி, தேனி. இவற்றை ட்ரையில் போடுவோம். கணினிக்கு 'தி' ஒரே எழுத்து இல்லை என்பதை மட்டும் முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: 'த' ஒரு குறியீடு, 'ி' என்ற உயிர்க்குறி இன்னொரு குறியீடு, புள்ளியும் தனிக் குறியீடு. ஆக 'திருச்சி' என்பது த, ி, ர, ு, ச, ், ச, ி என எட்டு.

மரத்தின் உச்சியில் எதுவும் எழுதப்படாத வேர்க் கணு ஒன்று இருக்கும். 'திருச்சி'யைச் சேர்க்கும்போது வேரிலிருந்து ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கணுவாக எட்டு கணுக்கள் கீழே இறங்கும். கடைசிக் கணுவில் 'இங்கே ஒரு சொல் முடிகிறது' என்று ஓர் அடையாளம் வைப்போம். அடுத்து 'திருப்பதி'. த, ி, ர, ு ஏற்கெனவே இருப்பதால் அதே வழியில் இறங்கி, ப, ், ப, த, ி என்று ஐந்தை மட்டும் புதிதாகச் சேர்க்கிறோம். 'திருப்பூர்' வரும்போது 'திருப்ப' வரை பாதை தயாராக இருக்கிறது; ூ, ர, ் மூன்றே புதியவை. 'தென்காசி'க்கு 'த' மட்டும் பொது, புதியவை ஏழு. 'தேனி'க்குப் புதியவை மூன்று.

கூட்டிப் பார்த்தால் 8 + 5 + 3 + 7 + 3 = 26 கணுக்கள், வேரோடு 27. ஐந்து சொற்களிலும் உள்ள மொத்தக் குறியீடுகள் 39. அதாவது 13 மிச்சம்.

முடிவு அடையாளம் எதற்கு என்று தோன்றலாம், நுனிக்கு வந்துவிட்டாலே சொல் முடிந்ததாகத்தானே அர்த்தம்? 'தாம்பரம்' ஒரு ரயில் நிலையம், 'தாம்பரம் சானடோரியம்' இன்னொன்று. முதல் பெயர் இரண்டாவதன் பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. அடையாளம் இல்லாவிட்டால் தாம்பரம் பட்டியலில் வரவே வராது.

தேடுவது எளிது. 'திரு' என்று அடித்தால் நான்கு படி இறங்கி 'ு' கணுவுக்கு வந்து, அதன் கீழே உள்ள முடிவு அடையாளங்களை எல்லாம் பொறுக்க வேண்டியதுதான். பட்டியலில் ஐந்து ஊர் இருந்தாலும் ஐந்து லட்சம் ஊர் இருந்தாலும் அந்த இடத்துக்குப் போக அதே நான்கு படிதான். வழியில் ஒரு கணு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு 'எதுவும் இல்லை' என்று சொல்லிவிடலாம்.

```python
class Node:
    __slots__ = ("kids", "end")
    def __init__(self):
        self.kids = {}
        self.end = False

def insert(root, word):
    n = root
    for ch in word:
        if ch not in n.kids:
            n.kids[ch] = Node()
        n = n.kids[ch]
    n.end = True

def suggest(root, prefix, limit):
    n = root
    for ch in prefix:
        n = n.kids.get(ch)
        if n is None:
            return []
    out, stack = [], [(n, prefix)]
    while stack and len(out) < limit:
        n, text = stack.pop()
        if n.end:
            out.append(text)
        for ch, kid in n.kids.items():
            stack.append((kid, text + ch))
    return out
```

ஒரு சொல்லை நீக்கும்போது அடையாளத்தை எடுத்துவிட்டு, கீழே பிள்ளைகளும் இல்லாமல் அடையாளமும் இல்லாமல் நிற்கும் கணுக்களைக் கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு வர வேண்டும். அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போனாலும் விடை தவறாது, காலப்போக்கில் மரத்தில் காய்ந்த கிளைகள் சேரும், அவ்வளவுதான்.

மெமரி எங்கே போகிறது?

சி அல்லது சி++ பாடங்களில் ட்ரை கணுவை எழுதும் வழக்கமான முறை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாயிண்டர் வைப்பது. ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு 26 பாயிண்டர், ஒன்றுக்கு 8 பைட் வீதம் 208 பைட். யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய பகுதி 128 இடங்கள் கொண்டது. அத்தனைக்கும் பாயிண்டர் வைத்தால் ஒரு கணுவுக்கு 1024 பைட், முடிவு அடையாளத்துக்கு ஒதுங்கும் 8 பைட்டையும் சேர்த்து 1032.

நம் 27 கணுக்களுக்கு இது 27,864 பைட். அந்த ஐந்து பெயர்களையும் UTF-8 கோப்பில் எழுதினால் ஆவது வெறும் 117 பைட். மரத்தில் உள்ள 3,456 பாயிண்டர் இடங்களில் நிரம்பியவை 26. மற்றவை எல்லாம் வெற்றிடம். எழுத்துகளைப் பகிர்ந்து மிச்சப்படுத்திய 13 குறியீடுகளுக்கு இவ்வளவு விலை.

பெரிய பட்டியலுக்கும் இதே கதைதான். ஒரு லட்சம் சொற்கள், சராசரியாகப் பத்து குறியீடுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்து லட்சம் குறியீடுகள். பகிர்வால் பாதி மிச்சமாகி ஐந்து லட்சம் கணுக்கள் நிற்பதாகக் கொண்டால், 5,00,000 × 1032 என்று ஏறக்குறைய 516 மெகாபைட் ஆகிறது. அதே சொற்கள் ஹாஷ் டேபிளில் இருந்தால்? ஓர் இடத்துக்கு ஹாஷ் எண் 8 பைட், சொல்லுக்கான பாயிண்டர் 8 பைட். டேபிள் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்று கொண்டால் சொல்லுக்கு 32 பைட் விழும். சொல்லே UTF-8 இல் 30 பைட், அதை ஒதுக்கித் தரும் அலொகேட்டரின் செலவோடு 48 என்று வைக்கலாம். ஆக சொல்லுக்கு 80 பைட், மொத்தம் 8 மெகாபைட்.

பைத்தானில் மேலே எழுதிய நிரலும் தப்பிக்கவில்லை. அதில் 128 பாயிண்டர் இல்லை என்பது உண்மை. ஆனால் `kids` என்பது என்ன? அதுவே ஒரு ஹாஷ் டேபிள். ஒரே ஒரு பிள்ளையை வைத்திருக்கும் `dict` பைத்தான் பதிப்பைப் பொறுத்து 184 அல்லது 232 பைட் எடுக்கும். கணுப் பொருளையும், குப்பை அகற்றி அதற்கு வைக்கும் தலைப்பையும் சேர்த்தால் ஒரு கணு 230 முதல் 280 பைட் அளவில் வந்து நிற்கிறது. பிள்ளை இல்லாத நுனிக் கணுக்கள் கொஞ்சம் குறைவு. ஐந்து லட்சம் கணுக்களுக்குச் சுமார் 115 முதல் 140 மெகாபைட். அதே ஒரு லட்சம் சொற்களை `set` ஒன்றில் போட்டால் டேபிளுக்கு நான்கு மெகாபைட் சொச்சம், சொற்களுக்குப் பத்து மெகாபைட்டுக்குள். ஒரு ஹாஷ் டேபிள் வேண்டாம் என்று ட்ரைக்கு வந்தவர் ஐந்து லட்சம் குட்டி ஹாஷ் டேபிள்களைக் கட்டி வைத்திருக்கிறார்!

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? `sys.getsizeof(root)` என்று கேட்டால் 48 என்று வெகுளியாகப் பதில் வரும். அது வேர்க் கணுவை மட்டும் அளக்கிறது, உள்ளே தொங்குபவற்றை அல்ல. மரத்தைக் கட்டுவதற்கு முன்னும் பின்னும் `tracemalloc` கொண்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

கணுவை ஒல்லியாக்குவது

பாயிண்டர் பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொரு கணுவும் இரண்டே இணைப்புகளை வைத்திருக்கலாம்: என் முதல் பிள்ளை யார், என் அடுத்த உடன்பிறப்பு யார். ட்ரையை முதன்முதலில் கணினிக்காக விவரித்த ரெனே டி லா பிரியாண்டே 1959 இல் முன்வைத்ததும் இந்தத் தொடர்பட்டியல் வடிவம்தான். மெமரி அன்று அவ்வளவு அருமை.

இன்று இதை எழுதும்போது எல்லாக் கணுக்களையும் ஒரே நீண்ட வரிசையில் அடுக்கி, 8 பைட் பாயிண்டருக்குப் பதிலாக 4 பைட் வரிசை எண் வைப்பார்கள். குறியீட்டுக்கு 2, அடையாளத்துக்கு 2, முதல் பிள்ளைக்கு 4, உடன்பிறப்புக்கு 4 என்று மொத்தம் 12 பைட். ஐந்து லட்சம் கணுக்களுக்கு 6 மெகாபைட். 516 எங்கே, 6 எங்கே! ஹாஷ் டேபிளின் 8 மெகாபைட்டையும் இது முந்திவிடுகிறது.

இதற்கு நேரத்தில் விலை கொடுக்க வேண்டும். 'த'வின் கீழே 'ே' இருக்கிறதா என்று பார்க்க, உடன்பிறப்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக வேண்டும். கிளைகள் அதிகம் இருப்பது மரத்தின் மேல்மட்டத்தில்தான். நான்கைந்து படி இறங்கினால் பெரும்பாலான கணுக்களுக்கு ஒரே பிள்ளை. அதனால் வேருக்கும் அதன் நேரடிப் பிள்ளைகளுக்கும் மட்டும் 128 பாயிண்டர் பட்டியல் கொடுத்துவிட்டு, மற்றவற்றைத் தொடர்பட்டியலாக விட்டால் இரண்டு பக்கமும் லாபம். முப்பது சொச்சம் கணுக்களுக்கு ஆகும் கூடுதல் செலவு சில பத்து கிலோபைட் மட்டுமே. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 4, 16, 48, 256 என்று கணுவின் அளவையே மாற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. தரவுத்தளங்களுக்காக 2013 இல் வெளியான 'அடாப்டிவ் ராடிக்ஸ் ட்ரீ' அதைச் செய்கிறது.

இன்னொரு வழி, ஒற்றைப் பிள்ளைச் சங்கிலிகளை ஒரே கணுவாகச் சுருட்டுவது. நம் மரத்தில் 'தென்காசி'யின் 'த'வுக்குக் கீழே ஏழு கணுக்கள் கிளையே இல்லாமல் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றை 'ென்காசி' என்ற ஒரே கணுவாக்கிவிடலாம். எல்லாவற்றையும் இப்படிச் சுருட்டினால் மரம் இப்படி ஆகும்:

```
(வேர்)
└─ த
   ├─ ிரு
   │  ├─ ச்சி *
   │  └─ ப்ப
   │     ├─ தி *
   │     └─ ூர் *
   ├─ ென்காசி *
   └─ ேனி *
```

27 கணுக்கள் 9 ஆகிவிட்டன. இதை ராடிக்ஸ் மரம் என்பார்கள். டொனால்ட் மாரிசன் 1968 இல் வெளியிட்ட பட்ரீசியா இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதில் ஓர் உறுதி உண்டு: சொல் முடியாத எந்தக் கணுவுக்கும், வேரைத் தவிர, குறைந்தது இரண்டு பிள்ளைகள் இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் அது சுருட்டப்பட்டிருக்கும். அதனால் சொற்கள் எவ்வளவு நீளமாக இருந்தாலும், கணுக்களின் எண்ணிக்கை சொற்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது. ஒரு லட்சம் சொற்களுக்கு அதிகபட்சம் இரண்டு லட்சம் கணுக்கள். நிரல்தான் கொஞ்சம் பெருக்கும். 'திருவாரூர்' வரும்போது 'ிரு'வின் கீழே ஒரு பிள்ளையைச் சேர்த்தால் போதும். ஆனால் 'தென்மலை' வந்தால் 'ென்காசி'யை நடுவில் வெட்டி 'ென்' என்றும் 'காசி' என்றும் பிரிக்க வேண்டும். முதல் முறை எழுதுபவர்கள் பிழை விடும் இடம் இதுதான்: பிரிக்கும்போது பழைய கணுவின் முடிவு அடையாளமும் பிள்ளைகளும் கீழ்ப் பாதிக்குப் போக வேண்டும். மேல் பாதியிலேயே தங்கிவிட்டால் 'தென்' என்று ஓர் ஊர் பட்டியலில் முளைக்கும், தென்காசி காணாமல் போகும்.

ஹாஷ் டேபிளிலேயே எல்லா முன்பகுதிகளையும் போட்டுவிட்டால்?

த, தி, திர, திரு என்று ஒவ்வொரு முன்பகுதியையும் ஒரு சாவியாக ஹாஷ் டேபிளில் போட்டு, எதிரே விடைகளை எழுதி வைத்துவிட்டால் ட்ரையே தேவையில்லை அல்லவா? செய்யலாம், நடைமுறையில் செய்கிறார்கள். எத்தனை சாவிகள் ஆகும் என்று எண்ணினால் ஒரு வேடிக்கை தெரியும். நம் ஐந்து பெயர்களுக்கு வேறுபட்ட முன்பகுதிகள் 26. ட்ரையின் கணுக்களும் அதே 26. வேரிலிருந்து ஒரு கணு வரை உள்ள பாதையே ஒரு முன்பகுதி என்பதால் இது தற்செயல் இல்லை.

வித்தியாசம், ஹாஷ் டேபிளில் ஒவ்வொரு சாவியும் தன்னை முழுதாக எழுதி வைக்க வேண்டும். 'திருப்ப', 'திருப்பத', 'திருப்பதி' மூன்றிலும் 'திருப்ப' திரும்பத் திரும்ப வரும். 26 சாவிகளின் நீளத்தையும் கூட்டினால் 142 குறியீடுகள், 426 பைட். மூலப் பெயர்களைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். சொல் நீளமாக நீளமாக இது இன்னும் மோசமாகும். பதிலுக்குக் கிடைப்பது வேகம். ட்ரையில் ஒவ்வொரு படியும் மெமரியின் வேறொரு மூலைக்குத் தாவுவது. அந்த இடம் கேஷில் இல்லாவிட்டால் தாவலுக்கு நூறு நானோ விநாடி வரை காத்திருக்க நேரலாம். ஹாஷ் டேபிளில் முன்பகுதி எவ்வளவு நீளமானாலும் ஓரிரு தாவல்தான். முதல் மூன்று, நான்கு குறியீடுகள் வரைக்கும் மட்டும் இப்படி ஹாஷில் போட்டு வைப்பது நல்ல சமரசம்: தேடல்களில் அதிக பளு விழுவதும் அங்கேதான்.

முதல் ஐந்தை மட்டும் காட்டுவது

பயனர் 'த' என்று மட்டும் அடித்திருக்கிறார். மேலே உள்ள `suggest` அதன் கீழே எதிர்ப்படும் முதல் சில பெயர்களைக் கொடுத்துவிடும். அவை பிரபலமானவையா என்று பார்க்காது. பிரபலமானவை வேண்டுமென்றால் மரத்தின் அந்தப் பகுதி முழுவதையும் அலச வேண்டும், அதாவது குறைவாக அடித்தால் அதிக வேலை. எல்லோரும் முதலில் அடிப்பது ஒரு எழுத்துதான்.

ஒவ்வொரு கணுவிலும் அதன் கீழுள்ள முதல் ஐந்து சொற்களின் எண்களை எழுதி வைத்துவிடுவது நேரடியான தீர்வு. 5 × 4 = 20 பைட். கணுவே 12 பைட்தான் என்பதை மறக்க வேண்டாம். ஐந்து லட்சம் கணுக்களுக்கு இது 10 மெகாபைட், மரத்தைவிடப் பெரிது.

அதற்குப் பதில் ஒவ்வொரு கணுவிலும் ஒரே ஓர் எண்ணை, அதன் கீழுள்ள மிக உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் வைக்கலாம். 4 பைட், மொத்தம் 2 மெகாபைட். எடுத்துக்காட்டுக்காகத் திருப்பதிக்கு 95, திருப்பூருக்கு 90, திருச்சிக்கு 80, தென்காசிக்கு 60, தேனிக்கு 50 என்று மதிப்பெண் போடுவோம். 'த'வுக்கு முதல் இரண்டு பெயர்கள் வேண்டும். சுருட்டிய மரத்தில் 'த'வின் பிள்ளைகளை ஒரு ஹீப்பில் போடுகிறோம்: ிரு 95, ென்காசி 60, ேனி 50. பெரியதை எடுத்தால் ிரு. அதன் பிள்ளைகள் ச்சி 80, ப்ப 95 உள்ளே போகின்றன. மறுபடி பெரியது ப்ப. அதிலிருந்து தி 95, ூர் 90. அடுத்து எடுப்பது தி, அது சொல் முடியும் இடம், முதல் விடை திருப்பதி. அதற்கடுத்து ூர், இரண்டாவது விடை திருப்பூர். நிறுத்திவிடலாம். திருச்சி, தென்காசி, தேனி மூன்றின் பக்கமும் போகவே இல்லை.

சொல்லும் முடிந்து கிளையும் தொடரும் கணுவை, தாம்பரத்தைப் போல, எடுக்கும்போது அந்தச் சொல்லின் சொந்த மதிப்பெண்ணைத் தனியாக ஹீப்பில் போட வேண்டும். போடாமல் உடனே விடையாக ஏற்றுக்கொண்டால், பிள்ளையின் பெருமையில் பெற்றோர் முன்னால் வந்து நிற்கும். மதிப்பெண் கூடும்போது மேலே உள்ள கணுக்களை மாற்றுவது எளிது. குறையும்போது ஒவ்வொரு படியிலும் எல்லாப் பிள்ளைகளையும் திரும்பப் பார்த்தாக வேண்டும். அதனால் பலர் இரவில் ஒரு தடவை மரத்தையே புதிதாகக் கட்டிவிடுகிறார்கள்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல்கள்

குறியீடுகளுக்குப் பதில் முழு எழுத்துகளையே கணுவாக்கலாமே, 'தென்காசி' தெ, ன், கா, சி என்று நான்கே கணுவில் முடியுமே என்று தோன்றும். கணுக்கள் குறைவது உண்மை. ஆனால் பயனர் 'தென்' என்பதை அடிக்கும்போது, புள்ளி வைப்பதற்கு முந்திய நொடியில் பெட்டியில் இருப்பது 'தென'. எழுத்து மரத்தில் தெ-க்குக் கீழே 'ன்' உண்டு, 'ன' கிடையாது. பட்டியல் ஒரு கணம் காலியாகி, புள்ளி வைத்ததும் திரும்ப வரும். திரையில் இந்தச் சிமிட்டலைக் கண்டால் காரணம் இதுதான். குறியீட்டு மரத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

மறுமுனையில், UTF-8 பைட்டுகளை அப்படியே கணுவாக்கினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று கணுவாகும். அவற்றில் முதல் பைட் எப்போதும் `E0`, இரண்டாவது `AE` அல்லது `AF`. எந்தத் தகவலும் தராத கணுக்கள் மரம் முழுக்க நிறையும். குறியீட்டு எண்ணிலிருந்து `0x0B80`-ஐக் கழித்தால் 0 முதல் 127 வரை ஒரே பைட்டில் அடங்கிவிடும். இடைவெளிக்கும் இலக்கங்களுக்கும் அந்தப் பகுதியில் காலியாகக் கிடக்கும் எண்களைக் கொடுக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் 'ொ', 'ோ', 'ௌ' மூன்றிலும் இருக்கிறது. 'ொ'வை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ' பிறகு 'ா' என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, மரத்தில் வெவ்வேறு கிளைகள். அறிகுறி இப்படி இருக்கும்: 'கெ' என்று அடித்தால் கொடைக்கானல் பட்டியலில் வருகிறது, 'கொ' என்று அடித்தால் வரவில்லை. தரவு பிரிந்த வடிவில் இருக்கிறது, விசைப்பலகை சேர்ந்த வடிவில் அனுப்புகிறது என்று பொருள். சேர்க்கும்போதும் தேடும்போதும் இரண்டு பக்கமும் `unicodedata.normalize("NFC", s)` போட்டால் சரியாகிவிடும். 'ௌ'வின் சிறகுக்குப் பதிலாக யாராவது 'ள' அடித்திருந்தால் மட்டும் இது காப்பாற்றாது. அதைத் தனியாகத் திருத்த வேண்டும்.

ட்ரையே வேண்டாத இடம்

பட்டியல் அடிக்கடி மாறாது என்றால் சொற்களை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு இருபாதித் தேடல் செய்வதே போதும். ஒரே முன்பகுதி கொண்டவை வரிசையில் அடுத்தடுத்துதான் நிற்கும்.

```python
from bisect import bisect_left
def range_of(words, p):
    return bisect_left(words, p), bisect_left(words, p + "\U0010ffff")
```

ஒரு லட்சம் சொற்களில் ஒரு முனையைக் கண்டுபிடிக்க 17 ஒப்பீடுகள். சொற்களைத் தவிர ஆகும் செலவு ஒரு சொல்லுக்கு ஒரு பாயிண்டர், 8 பைட். யூனிகோட் வரிசை தமிழ் அகராதி வரிசையாக இருக்காது, 'ன' 'ப'வுக்கு முன்னாலேயே வந்துவிடும். முன்பகுதித் தேடலுக்கு அது பொருட்டில்லை, விடைகளைக் காட்டும்போது மட்டும் வேறு வரிசை கொடுத்துக்கொள்ளலாம். புதிய சொல்லை நடுவில் செருகும்போது அதன் பின்னால் உள்ள பாயிண்டர்கள் எல்லாம் ஒரு இடம் நகர வேண்டியிருக்கும். ஒரு லட்சத்துக்கு அது முக்கால் மெகாபைட் நகர்வு. எப்போதாவது என்றால் கவலையில்லை. விநாடிக்குப் பல நூறு புதிய சொற்கள் வந்து விழும் இடத்தில்தான் ராடிக்ஸ் மரத்துக்கு மாற வேண்டியிருக்கும்.